பாண்ட் தொலைந்த பழைய கடிதம்: புதிர் போல அவிழ்த்துப் படிப்பது எப்படி?

பெசன்ட் நகரில் எங்கள் குடியிருப்பின் முதல் மாடியில் ஓர் அம்மா இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். சென்ற மாதம் ஒரு சிடியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, இது எங்கட அண்ணர் 2002இல அனுப்பின ஈமெயில். அப்ப பிரவுசிங் சென்டர்ல ஒரு பிள்ளை வாசிச்சுச் சொன்னது. இப்ப திறந்தா ஒண்டும் விளங்கேல்லை. ஒருக்கா பாருங்கோ" என்றார்.

அண்ணன் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அவருடைய கையிலிருந்து வந்த கடைசிக் கடிதம் இது. ஊரில் உள்ள காணி பற்றி அதில் ஏதோ எழுதியிருந்தது அம்மாவுக்கு நினைவிருக்கிறது. என்ன எழுதியிருந்தது என்பதுதான் நினைவில்லை. சிடியில் இருந்த டெக்ஸ்ட் பைலை நோட்பேடில் திறந்தேன். திரையில் தெரிந்தது இதுதான். (அந்த அம்மாவின் சம்மதத்துடன் இங்கே தருகிறேன்.)

```
12.8.2002
md;Gs;s jq;fr;rp>
ehq;fs; vy;NyhUk; eyk;. ePq;fSk; eyk; vd;W ek;GfpNwd;.
mk;kh el;l khkuk; ,d;Dk; epw;fpwJ.
mk;kh je;j fhzp cWjp nghpa khkh tPl;by; ,Uf;fpwJ.
mij xU ehSk; tpw;f Ntz;lhk;.
```

யூனிகோட் வருவதற்கு முன் கம்ப்யூட்டரில் தமிழை உபயோகித்தவர்களுக்கு இது என்னவென்று உடனே தெரியும். அந்தக் காலத் தமிழ் பாண்டுகளில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிடுவார்கள். பைலில் உண்மையில் பதிவாவது ஆங்கில எழுத்துதான். பாண்ட் இருந்தால் தமிழ் தெரியும், இல்லாவிட்டால் இப்படிக் குப்பையாகத் தெரியும். வேர்ட் பைலாக இருந்தால் பாண்டின் பெயர் அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும். டெக்ஸ்ட் பைலில் பெயர் பதிவாகாது.

இன்டர்நெட்டில் பாண்ட் மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் எந்தப் பாண்ட் என்று முதலில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். டிடிபி கடைகள் தங்களுக்கென்று மாற்றி வைத்துக்கொண்ட பாண்டாக இருந்தால் எந்தப் பட்டியலிலும் அது இருக்காது. எனவே பாண்டின் பெயர் தெரியாமலேயே, ஆங்கிலப் பத்திரிகைகளில் வரும் கிரிப்டோகிராம் புதிரைப் போல இதை அவிழ்த்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஒரு எழுத்துக்குப் பதில் இன்னொரு எழுத்து என்பதுதானே அந்தப் புதிரும்!

ஆங்கிலப் புதிரும் தமிழும்

ஆங்கிலப் புதிரில் மூன்று பிடிமானங்கள் உண்டு. அதிகமாக வரும் எழுத்து அநேகமாக E ஆக இருக்கும். ஒற்றை எழுத்துச் சொல் A அல்லது I. திரும்பத் திரும்ப வரும் மூன்றெழுத்துச் சொல் THE ஆக இருக்கலாம். எழுத்துகளை எண்ணிப் பார்த்து ரகசியச் செய்தியைப் படிக்கும் முறையை 9ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாத்தில் அல் கிந்தி என்ற அறிஞர் எழுதி வைத்தார்.

தமிழில் A, THE போன்ற குட்டிச் சொற்கள் குறைவு. ஆங்கிலத்தில் அவை செய்யும் வேலையில் பாதியைத் தமிழில் சொல்லின் கடைசிப் பகுதி செய்துவிடுகிறது. -உம், -இல், -கள், -கிறது, -கிறேன் என்று முடியும் சொற்கள் எல்லாக் கடிதத்திலும் வரும். எனவே தமிழில் சிறிய சொற்களைத் தேடுவதோடு, சொற்கள் எப்படி முடிகின்றன என்றும் பார்க்க வேண்டும்.

முடிவைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் படித்ததற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. 1837இல் கல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப், பிராமி எழுத்தைப் படித்தது இப்படித்தான். சாஞ்சி ஸ்தூபியின் கல்வேலிகளில் இருந்த சிறு சிறு கல்வெட்டுகள் பலவும் ஒரே இரண்டு எழுத்தில் முடிவதை அவர் கவனித்தார். கோயிலில் இத்தனை பேர் ஒரே மாதிரி எதை எழுதி வைப்பார்கள்? நம் கோயில் ட்யூப் லைட்டில் 'உபயம்' என்று எழுதுவதைப் போலத்தான். அது 'தானம்' என்று ஊகித்தார். 'த', 'ந' கிடைத்தன. அதற்கு முன்னால் அடிக்கடி வந்த எழுத்து, 'இன்னாருடைய' என்ற பொருள் தரும் 'ஸ' என்று தெரிந்தது. மற்ற எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன.

முதல் வேலை: எண்ணுவது

இவ்வளவு சிறிய கடிதத்தைக் கையாலேயே எண்ணிவிடலாம். பெரிய பைல் என்றால் பைத்தானில் நான்கு வரி போதும்.

```
from collections import Counter
t = open("letter.txt", encoding="latin-1").read()
for c, n in Counter(t).most_common(15):
    print(repr(c), n)
```

இடைவெளியும் பட்டியலில் வரும், அதை விட்டுவிடுங்கள். தேதி, சொல்லுக்குப் பின் ஒட்டி வரும் முற்றுப்புள்ளி, '>' இவற்றையும் விட்டுவிட்டால் இந்தக் கடிதத்தில் 154 எழுத்துகள். அவற்றில் ';' மட்டும் 30 முறை வருகிறது. அடுத்து 'k' 17 முறை, 'h' 11 முறை. 'f', 'p', 'e' ஒவ்வொன்றும் 9 முறை.

ஐந்தில் ஒரு பங்குக்கு ஒரே குறி என்றால் அது என்ன? அது எங்கே வருகிறது என்று பாருங்கள். எந்தச் சொல்லும் ';' குறியில் தொடங்கவில்லை. இரண்டு ';' அடுத்தடுத்து வரவில்லை. பல சொற்கள் அதில் முடிகின்றன. தமிழில் இப்படி நடந்துகொள்வது மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றுதான். ';' என்பது புள்ளி. ஆங்கிலப் புதிரில் E செய்யும் வேலையைத் தமிழில் புள்ளி செய்கிறது.

இரண்டாவது: சொல்லின் முடிவும் இரட்டை எழுத்தும்

புள்ளியில் முடியும் சொற்கள் 11. அவற்றில் 8 சொற்கள் 'k;' என்று முடிகின்றன. தமிழ்க் கடிதத்தில் இத்தனை முறை கடைசியில் வரக்கூடியது 'ம்'. ஆனால் ன், ல், ள், ர் என்பவையும் கடைசியில் வரும் என்பதால் சோதித்துப் பார்க்க வேண்டும்.

'mk;kh' என்ற சொல் இரண்டு முறை, இரண்டும் வாக்கியத்தின் தொடக்கத்தில் வருகிறது. 'k;k' என்பது ஒரே எழுத்து இரட்டித்து வருவது. தமிழில் 'ர்ர' வராது, எனவே ர் விலகிவிட்டது. 'ம்' என்று வைத்தால் கிடைப்பது ஒரு உயிரெழுத்து, 'ம்ம', பிறகு ஒரு குறி. தங்கைக்கு அண்ணன் எழுதும் கடிதத்தில் அது 'அம்மா' அல்லாமல் வேறென்ன? m = அ, k = ம, h = ா. உடனே 'khkh' என்ற சொல்லில் வைத்துப் பார்த்தேன். 'மாமா' என்று வந்தது. ஊகம் சரி என்பதற்கு இதுவே சாட்சி. ஒரு சொல்லில் கிடைத்தது இன்னொரு சொல்லில் உளறாமல் உட்கார வேண்டும்.

மூன்றாவது: பிரியாத ஜோடிகள்

'q' கடிதத்தில் மூன்று முறை வருகிறது. மூன்று முறையும் அதற்குப் பின்னால் ';f' தான் வருகிறது. இப்படி ஒரே துணையோடு மட்டும் வரும் மெய்யெழுத்து எது? 'ங்' என்றால் பின்னால் க வரிசைதான். q = ங, f = க. இந்த விதி எந்தத் தமிழ் பாண்டிலும் உதவும்.

இப்போது 'ehq;fs;' என்பது '_ாங்க_்' ஆகிறது. 'நாங்கள்' என்று எளிதாகப் படிக்கலாம். e = ந, s = ள. முதல் வரியில் உள்ள 'md;Gs;s' இப்போது 'அ_்_ள்ள'. கடிதத்தின் முதல் சொல் 'அன்புள்ள' என்பதில் சந்தேகமில்லை. d = ன, G = பு. ஒரே வரியில் இரண்டு முறை வரும் 'eyk;' என்பது 'ந_ம்'. நலம் விசாரிக்கும் இடம், எனவே 'நலம்'. y = ல.

நான்காவது: சிறிய சொற்கள்

இப்போதுதான் சிறிய சொற்களுக்கு வருகிறேன். 'xU' என்ற சொல்லில் இரண்டே குறிகள். தமிழில் இப்படி அடிக்கடி வரும் சொல் 'ஒரு'. 'vd;W' என்பது '_ன்_'. இங்கே அவசரப்படக் கூடாது. என்று, ஒன்று, இன்று மூன்றும் பொருந்தும். 'x' ஏற்கெனவே 'ஒ' என்றால் 'ஒன்று' போய்விட்டது. மீதி இரண்டில் எது?

பதில் ',d;Dk;' என்ற சொல்லில் இருக்கிறது. முதலில் நான் அந்தக் காற்புள்ளியை உண்மையான காற்புள்ளி என்றே நினைத்து விட்டுவிட்டேன். பிறகுதான் கவனித்தேன், அதற்கு முன்னால் இடைவெளி இருக்கிறது, பின்னால் இல்லை. காற்புள்ளி எப்போதும் முந்திய சொல்லை ஒட்டித்தான் வரும். எனவே இது நிறுத்தக்குறி அல்ல, ஒரு எழுத்து. '_ன்_ம்' என்பதில் 'இன்னும்' பொருந்துகிறது. ',' = இ. அப்படியானால் 'v' என்பது 'எ', சொல் 'என்று'. W = று. முதல் வரியில் 'தங்கச்சி' என்ற இடத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் '>' தான் இந்தப் பாண்டின் காற்புள்ளி.

ஐந்தாவது: ஷிப்ட் கீ சொல்லும் ரகசியம்

இதுவரை கிடைத்ததை எழுதி வைத்துப் பார்த்தபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. சிறிய d = ன, பெரிய D = னு. அதாவது ஷிப்ட் அழுத்தினால் அதே எழுத்தின் உகரம் வருகிறது. நிஜப் புதிரில் இந்த வசதி கிடையாது. பாண்டை வடிவமைத்தவர் விரல்களுக்கு எளிதாக இருக்கும்படி எழுத்துகளை அடுக்கியிருப்பார், அதனால் நமக்கு ஒன்று கிடைத்தால் இன்னொன்று இலவசம்.

U = ரு என்றால் u = ர. 'khkuk;' என்பது 'மாமரம்'. W = று என்றால் w = ற. s = ள என்றால் S = ளு. 'ehSk;' என்பது 'நாளும்'. G = பு என்றால் g = ப. 'ePq;fSk;' என்பது 'நீங்களும்', எனவே P = ீ. சிறிய p அப்போது 'ி' ஆக இருக்க வேண்டும். ',Uf;fpwJ' என்ற சொல்லில் வைத்தால் 'இருக்கிற_'. J = து. அதிலிருந்து j = த. 'je;j' என்பது 'தந்த', 'jq;fr;rp' என்பது 'தங்கச்சி'. 'epw;fpwJ' சிரமமில்லாமல் 'நிற்கிறது' ஆனது.

தடுக்கிய இரண்டு இடங்கள்

'ek;GfpNwd;' என்ற சொல்லில் தெரிந்ததை வைத்தால் 'நம்புகிNறன்' என்று வருகிறது. 'நம்புகிறேன்' என்று காது சொல்கிறது. ஆனால் N, ற எழுத்துக்கு முன்னால் அல்லவா நிற்கிறது? காரணம் எளிது. பழைய பாண்டுகளில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் டைப் செய்வார்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி மூன்றும் காகிதத்தில் எழுத்துக்கு இடது பக்கம் இருப்பதால் முதலில் அவற்றை அடிப்பார்கள். N = ே, i = ை. 'mij' என்பது 'அதை'. 'vy;NyhUk;' என்பதில் ே, ல, ா மூன்றும் சேர்ந்து 'லோ', சொல் 'எல்லோரும்'. 'Ntz;lhk;' என்பது 'வேண்டாம்', 'tpw;f' என்பது 'விற்க', 'el;l' என்பது 'நட்ட', 'tPl;by;' என்பது 'வீட்டில்'. இங்கே b என்ற ஒரே கீ 'டி' என்ற முழு எழுத்தைத் தருகிறது.

அடுத்த தடை 'nghpa'. N = ே என்பதால் n = ெ. வைத்துப் பார்த்தால் ெ, ப, ா, ி என்று போகிறது. ஒரு உயிர்க்குறிக்குப் பின்னால் இன்னொரு உயிர்க்குறி ஒட்டாது. இந்த மாதிரி நடக்க முடியாத சேர்க்கை வந்தால் எங்கோ தப்பு என்று அர்த்தம். நான் 'h' தவறோ என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன். அம்மா, மாமா, நாங்கள் என்று அத்தனை இடத்திலும் அது சரியாக இருக்கிறது.

விடை டைப்ரைட்டர் பழக்கத்தில் இருந்தது. பழைய அச்சில் 'ரி' என்று போட, 'ர' எழுத்தின் அடிக்கோடு இல்லாமல் துணைக்கால் வடிவத்தின் மேல் 'ி' போடுவார்கள். டைப் செய்தவர்களும் துணைக்காலையே அடித்துவிடுவார்கள். 'ர்' எழுத்துக்கும் இப்படியே. ஆக 'hp' என்பது 'ரி', சொல் 'பெரிய'. ஒரே குறிக்கு இரண்டு வேலை. பாண்ட் மாற்றிகள் சிலவற்றில் 'பெரிய' என்பது 'பொிய' என்று வந்துவிடுவதற்கும் இதுதான் காரணம்.

மிச்சமிருந்தது 'fhzp cWjp'. 'காணி' புரிந்தது. 'c' என்பது உ என்றால் 'உறுதி'. எழுத்தெல்லாம் சரியாக உட்கார்ந்தும் எனக்குப் பொருள் விளங்கவில்லை. 'காணி உறுதி' என்றால் காணி நிச்சயம் என்றா? அம்மாவிடம் கேட்டேன். "உறுதி எண்டா காணிப் பத்திரம், தம்பி. நீங்கள் பத்திரம் எண்டு சொல்லுறது" என்றார். கடிதம் எந்த ஊர்த் தமிழ் என்று தெரிந்திருப்பதும் புதிரில் ஒரு பிடிமானம்தான்.

முழுக் கடிதம் இதோ:

அன்புள்ள தங்கச்சி, நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன். அம்மா நட்ட மாமரம் இன்னும் நிற்கிறது. அம்மா தந்த காணி உறுதி பெரிய மாமா வீட்டில் இருக்கிறது. அதை ஒரு நாளும் விற்க வேண்டாம்.

கடைசி வரியைப் படித்ததும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தக் காணியை விற்றுவிடலாம் என்றுதான் அவருடைய பிள்ளைகள் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம்.

உங்கள் பைலை மாற்றும்போது

எழுத்துப் பட்டியல் கிடைத்த பிறகு அதைச் சரிபார்க்க, மாற்றியில் பாண்டுகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். 'பாமினி' என்று தேர்ந்தெடுத்ததும் அதே கடிதம் வந்தது. தமிழ் டைப்ரைட்டர் வரிசையைத் தழுவிய இந்தப் பாண்ட், இலங்கைத் தமிழர்களிடையிலும் புலம்பெயர்ந்தவர்களிடையிலும் மிகப் பரவலாக இருந்தது. உங்கள் பைலும் 'md;Gs;s' என்று தொடங்கினால் நேராகப் பாமினியை முயன்று பாருங்கள்.

பட்டியலில் இல்லாத பாண்ட் என்றால் நோட்பேடிலேயே மாற்றலாம். முதலில் பைலை ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். காப்பியில் Ctrl+H அழுத்தி, Match case என்பதைக் கட்டாயம் டிக் செய்யுங்கள். இதை மறந்தால் d, D இரண்டும் ஒன்றாக மாறிவிடும், பிறகு பிரிக்க முடியாது. நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றுங்கள். 'Nyh' என்பதை 'லோ' ஆக்கிய பிறகே 'Ny' என்பதை 'லே' ஆக்க வேண்டும். 'hp' என்பதை 'ரி' ஆக்கிய பிறகே 'h' பக்கம் போக வேண்டும். 'nghp' போல இரண்டும் சேரும் இடத்தைக் கையால் திருத்துவது நல்லது. கொம்பும் ஐகாரக் குறியும் யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் பதிவாகும், எனவே அவற்றைத் தனியாக மாற்றாமல் எழுத்தோடு சேர்த்தே மாற்றுங்கள். திரையில் புள்ளிகளாலான சிறு வட்டம் தெரிந்தால் வரிசை பிசகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

எல்லாப் பைலையும் இப்படி மீட்க முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். பாமினி பெரும்பாலும் கீபோர்டில் உள்ள சாதாரண எழுத்துகளையே உபயோகித்ததால் ஈமெயிலில் சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. தமிழக அரசு 1999இல் தரமாக அறிவித்த டாம், டாப் முறைகளும் டிஸ்கியும் 128க்கு மேற்பட்ட குறிகளையும் உபயோகிப்பவை. அப்படிப்பட்ட பைல் வழியில் எங்காவது மாட்டி, பல எழுத்துகள் ஒரே '?' ஆகிவிட்டால் எந்த முறையும் உதவாது. எண்ணிப் பார்க்கும்போதே இது தெரிந்துவிடும். '?' தான் பட்டியலில் முதலிடத்தில் இருந்து, சொல்லின் தொடக்கம், நடு, கடைசி என்று எல்லா இடத்திலும் வந்தால் அது ஒரு எழுத்தல்ல, பல எழுத்துகளின் சமாதி. வேறு காப்பி இருக்கிறதா என்று தேடுங்கள்.

அம்மாவின் கடிதத்தை UTF-8 முறையில் சேமித்து, மூலப் பைலையும் மாற்றாமல் அதன் பக்கத்திலேயே வைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலை அவர் பெரிய மாமாவின் மகனுக்குப் போன் செய்தார். பழைய பெட்டியின் அடியில் உறுதி இருக்கிறது, ஒரு ஓரத்தை மட்டும் கறையான் தின்றிருக்கிறது என்று பதில் வந்தது.